ஒரு ஜிபி டேட்டா உங்களுக்கு உண்மையில் என்ன விலைக்கு விழுகிறது?

[திரையில்: மூன்று பிளான்கள் வரிசையாக]

வணக்கம். திரையில் மூன்று பிளான்கள் இருக்கின்றன. இவை கணக்குக்காக நானே எழுதிக்கொண்டவை. விலையை வெறும் எண்ணாகவே வைத்திருக்கிறேன். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதல் பிளான்: 28 நாள், தினமும் 2 ஜிபி, விலை 280. இரண்டாவது: 84 நாள், தினமும் 1.5 ஜிபி, விலை 756. மூன்றாவதில் தினசரி வரம்பு கிடையாது. 30 நாளுக்கு மொத்தமாக 40 ஜிபி, விலை 320.

எல்லோரும் முதலில் போடுகிற கணக்கைப் போட்டுவிடலாம். முதல் பிளானில் 28 நாளும் 2 ஜிபி என்றால் 56 ஜிபி. 280-ஐ 56-ஆல் வகுத்தால் ஒரு ஜிபி 5. இரண்டாவதில் மொத்தம் 126 ஜிபி, ஒரு ஜிபி 6. மூன்றாவதில் ஒரு ஜிபி 8. இப்படிப் பார்த்தால் முதல் பிளான்தான் மலிவு, மூன்றாவது எட்டிப் பார்க்கவே வேண்டாம் என்று தோன்றும்.

[திரையில்: 56 ஜிபி என்ற எண் மெல்ல மங்குகிறது]

ஆனால் அந்த 56 ஜிபி பலருடைய கைக்கு முழுதாக வருவதே இல்லை. தினசரி வரம்புள்ள பெரும்பாலான பிளான்களில் அன்றைய டேட்டா அன்றைக்கு மட்டும்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு மிச்சம் அழிந்து, புதுக் கணக்கு தொடங்கும். செவ்வாய்க்கிழமை மிஞ்சிய ஒன்றரை ஜிபியை சனிக்கிழமை கேட்டால் கிடைக்காது. அதனால் பிளான் தருவதை வைத்து வகுக்கக்கூடாது. நீங்கள் பயன்படுத்துவதை வைத்துத்தான் வகுக்க வேண்டும்.

[திரையில்: ஏழு நாள் பட்டை வரைபடம். ஐந்து குட்டை, இரண்டு நெட்டை]

ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை நாளில் வைஃபை இருப்பதால் மொபைல் டேட்டா அரை ஜிபிதான் செலவாகிறது. சனி, ஞாயிறில் வெளியே இருப்பார், படம் பார்ப்பார், நாளுக்கு 3 ஜிபி வேண்டும். 28 நாளில் 20 வேலை நாள், 8 விடுமுறை நாள். அவருடைய தேவை 10-உம் 24-உம் சேர்த்து 34 ஜிபி.

இவரை முதல் பிளானில் உட்கார வைப்போம். வேலை நாள்களில் 10 ஜிபி முழுதாகக் கிடைக்கும். விடுமுறை நாளில் 3 கேட்டாலும் 2-தான் கிடைக்கும், அதாவது எட்டு நாளுக்கு 16. ஆக மொத்தம் 26 ஜிபி. 280-ஐ 26-ஆல் வகுத்தால் 10.77. அட்டையில் 5 என்று தெரிந்த ஜிபி, இவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

வரம்பு தீர்ந்தபிறகும் நெட் ஓடுமே என்று சிலர் கேட்பார்கள். ஓடும், பல பிளான்களில் வினாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் விடாமல் இறக்கினாலும் 30 எம்பிகூட வராது. எழுத்துச் செய்தி போகும், வீடியோ ஓடாது. நான் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

[திரையில்: பூஸ்டர் 1 ஜிபி, விலை 15]

சரி, இன்னும் ஒரு நியாயம் பாக்கி இருக்கிறது. 26 ஜிபி கிடைத்தவரையும் 34 ஜிபி கிடைத்தவரையும் ஒப்பிடுவது சரியல்ல. தேவை முழுதும் தீரும்படி செய்துவிட்டுத்தான் விலையைப் பார்க்க வேண்டும். குறைகிற டேட்டாவுக்கு பூஸ்டர் போடுவோம். ஒரு ஜிபி 15, பிளான் முடியும்வரை செல்லும் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பிளானில் 8 ஜிபி குறைகிறது, பூஸ்டருக்கு 120. மொத்தச் செலவு 400, டேட்டா 34 ஜிபி. ஒரு ஜிபி 11.76.

இரண்டாவது பிளானில் 84 நாளுக்குத் தேவை 102 ஜிபி. 24 விடுமுறை நாள்களிலும் ஒன்றரை ஜிபி வீதம் குறையும், அது 36 ஜிபி. பூஸ்டருக்கே 540 ஆகிவிடும். மொத்தம் 1296, ஒரு ஜிபி 12.71. பிளான் விலையை மட்டும் நாளால் வகுத்தால், நாளுக்கு 9 என்று மூன்றிலும் குறைவாகத் தெரிந்தது இதுதான்!

மூன்றாவதில், திங்கட்கிழமை தொடங்கினால் 30 நாளில் 22 வேலை நாள், 8 விடுமுறை நாள், தேவை 35 ஜிபி. 40-க்குள் அடங்கிவிட்டது, பூஸ்டர் வேண்டாம். 320-ஐ 35-ஆல் வகுத்தால் 9.14. விலை அதிகம் என்று ஒதுக்கிய பிளான் முதலிடத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை தொடங்கினால் 10 விடுமுறை நாள் உள்ளே வந்து, தேவை சரியாக 40-ஐத் தொடும். அப்போதும் தாங்கும், ஆனால் அதற்குமேல் ஒரு எம்பிகூட இடமில்லை.

தினமும் ஒரே மாதிரி 2 ஜிபி செலவழிப்பவருக்கு இதெல்லாம் தலைகீழ். அவருக்கு முதல் பிளானில் ஒரு ஜிபி உண்மையாகவே 5-தான்.

[திரையில்: முதல் பிளானோடு "போனஸ் 6 ஜிபி"]

அப்புறம் போனஸ். முதல் பிளானோடு 6 ஜிபி போனஸ் என்றால், 62-ஆல் வகுத்து 4.52 என்று சொல்லிவிடத் தோன்றும். நான் இரண்டு கேள்வி கேட்பேன். போனஸ் எத்தனை நாள் இருக்கும்? தினசரி டேட்டா தீர்ந்தபின் கழியுமா, அதற்கு முன்பே கழியுமா?

பிளான் முடியும்வரை இருந்து, தினசரி டேட்டா தீர்ந்தபின் கழிந்தால், 6 ஜிபியும் விடுமுறை நாள்களில் பயன்படும். இன்னும் 2 பூஸ்டர் போதும். செலவு 310, ஒரு ஜிபி 9.12. மூன்றாவது பிளானை மயிரிழையில் முந்துகிறது. ஏழு நாளில் காலாவதியாகும் என்றால், ஒரு சனி, ஒரு ஞாயிறுக்கு 2 ஜிபிதான் உதவும். மிச்சம் 4 ஜிபி வீண். பூஸ்டர் ஆறு, செலவு 370, ஒரு ஜிபி 10.88. முன்பே கழிகிற போனஸ் இன்னும் மோசம். சும்மாவே மிஞ்சப்போகிற திங்கள், செவ்வாயில் அது கரைந்துவிடும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? போனஸ் வந்த மறுநாள் காலை, கொஞ்சம் டேட்டா செலவானபின் ஆப்பில் மீதியைப் பாருங்கள். போனஸ் குறைந்து, தினசரி அளவு முழுதாக இருந்தால், போனஸ்தான் முதலில் போகிறது.

[திரையில்: ஒரு விரிதாள்]

உங்கள் கணக்கைப் போட நாள்வாரி செலவு வேண்டும். நிறுவனத்தின் ஆப்பிலோ போன் அமைப்பிலோ பார்த்து, 28 நாளுக்கு B2 முதல் B29 வரை எழுதிக்கொள்ளுங்கள். C2-இல் முதல் வரியைப் போட்டுக் கீழே இழுத்துவிட்டு, வேறொரு கட்டத்தில் இரண்டாவது வரி.

```
=MIN(B2,2)
=(280+15*(SUM(B2:B29)-SUM(C2:C29)))/SUM(B2:B29)
```

பூஸ்டர் முழு ஜிபியாகத்தான் விற்கும் என்றால், குறைவை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு இடத்தில் ஏமாந்துவிடக்கூடாது. இப்போது நீங்கள் 2 ஜிபி வரம்பில் இருந்தால், சனிக்கிழமைக்கு நேராக 2 என்றுதான் எழுதியிருக்கும். அது உங்கள் தேவை இல்லை, வரம்பு வெட்டிய அளவு. வரம்பைத் தொட்டு நிற்கிற நாள்களில் டேட்டா எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று பாருங்கள். மாலை ஐந்து மணிக்கே தீர்ந்திருந்தால் தேவை 3 அல்லது அதற்கும் மேல் இருக்கலாம். இரவு பதினொன்றரைக்குத் தீர்ந்திருந்தால் 2-ஐயே வைத்துக்கொள்ளலாம்.