கடிதம் அரைப் பக்கம், வரைபடம் அரை நாள்!

வணக்கம் மக்களே! நான் திருகோணமலையிலிருந்து. போன வீடியோவில சொன்ன சிறுகதைத் தொகுப்பை இண்டைக்குப் பதிப்பகத்துக்கு அனுப்பியாச்சு! சந்தோசம் தாங்கேல்ல.

கடிதத்தைத்தான் கனபேர் கேட்டிருந்தீங்கள். "தங்கள் பொன்னான நேரத்தை" எண்டு தொடங்குற கடிதம் எனக்கு அறவே பிடிக்காது. முதல் வரியில தலைப்பு, எத்தனை கதை, எத்தனை சொல். பிறகு திருக்கடலூர் மீனவக் குடும்பங்களைப் பற்றின கதையள் எண்டு மூண்டு வரி. அதுக்குப் பிறகு வாற வரிதான் முக்கியம், வாசிக்கிறன்: "இணைத்துள்ள பிடிஎஃப் கோப்பின் எல்லாப் பக்கங்களும் 148 × 210 மி.மீ. அளவில் உள்ளன. எழுத்துரு Noto Serif Tamil, 11 புள்ளி; கோப்பினுள் உட்பொதிக்கப்பட்டுள்ளது."

அவையள் கேட்டது ஏ5, யுனிகோட் எழுத்துரு. அந்த "எல்லாப் பக்கங்களும்" எண்ட சொல்லை எழுதத்தான் அரை நாள் போச்சு!

பிடிஎஃப்பை அடோபி ரீடரில திறந்து Ctrl+D அடிச்சா Page Size எண்டு அளவு காட்டும். முதல் பக்கத்தில சரியா 148 × 210. ஆனா அது நீங்கள் நிக்கிற பக்கத்தின்ர அளவு மட்டும்தான், முழுக் கோப்புக்குமில்ல. தொகுப்பில கொட்டியாரக் குடா வரைபடம் ஒண்டு இருக்குதெல்லே, அங்க போய் அடிச்சா 297 × 210! படத்தைப் படுக்கையா வைக்க வேர்ட்டில அந்தப் பக்கத்தைத் தனிப் பிரிவா வெட்டியிருக்கு. ஏ5 ஆக்கேக்க Apply to எண்ட இடத்தில This section எண்டு நிண்டா, மற்றப் பிரிவு பழைய ஏ4 இலயே கிடக்கும். Whole document எண்டு குடுத்தா அளவு சரியாகும். ஆனா அப்ப எல்லாப் பக்கமும் ஒரே திசையில திரும்பியிடும். அதால பிரிவை எடுத்துப்போட்டு, நிமிர்ந்த பக்கத்திலயே படத்தை மட்டும் 90 பாகை திருப்பி வச்சன். வடிவா இருக்கு!

ஆ, எழுத்துரு சொல்ல மறந்திட்டன். அதே Ctrl+D இல Fonts எண்ட பக்கம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலயும் Embedded Subset எண்டு இருக்கவேணும். கோப்பைக் கடைசிவரை ஒருக்கா உருட்டிப்போட்டுப் பாருங்கோ, இல்லாட்டிப் பார்த்த பக்கங்களின்ர எழுத்துரு மட்டும்தான் வரும். அதில பாமினி எண்டு கண்டா நிப்பாட்டுங்கோ. கண்ணுக்குத் தமிழ்தான், ஆனா "தமிழ்" எண்டதைக் கொப்பி பண்ணி ஒட்டினா jkpo; எண்டு வரும். யுனிகோட் கேட்டவைக்கு அது உதவாது. பழைய கதை ஒண்டை ஒட்டியிருந்தா அந்த ஒரு பந்தி மட்டும் பாமினியா நிக்கும், அதைத்தான் தேடுங்கோ.

கடைசி வரி, இந்தப் பிரதி வேற பதிப்பகத்திட்ட இல்லை எண்டது. கீழ பெயர், தொலைபேசி. அவ்வளவுதான், அரைப் பக்கம்! பதில் வந்த உடன வீடியோ போடுறன்.