சனி வளையம் என்று சொன்னால் முதலில் விளக்கைப் போடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கையை விரித்து நடுவிரலின் அடியைப் பாருங்கள். விரல் உள்ளங்கையோடு சேருகிற இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும், அது எல்லாருக்கும் உண்டு, அது வளையம் இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, நடுவிரலுக்கு அடியில் சனி மேடு என்று சொல்கிற சதைப்பகுதியின் மேல், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவிலுள்ள சந்தில் தொடங்கி, பிறை மாதிரி வளைந்து, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் மேலே ஏறி முடிகிற தனி ரேகை இருந்தால் அதைத்தான் சனி வளையம் என்கிறார்கள். இதே மாதிரி ஆள்காட்டி விரலுக்கு அடியில் குரு மேட்டைச் சுற்றி ஓடினால் சாலமன் வளையம், மோதிர விரலுக்கு அடியில் என்றால் சூரிய வளையம்.

பலன் என்ன சொல்கிறார்கள்? சாலமன் வளையம் இருந்தால் ஞானம், அடுத்தவர் மனதைப் படிக்கிற சக்தி, மறைபொருள் கலைகளில் நாட்டம். சூரிய வளையம் இருந்தால் திறமை இருந்தும் பெயர் வராது. சனி வளையம்தான் இருப்பதிலேயே மோசம்: எதைத் தொடங்கினாலும் பாதியில் நிற்கும், ஆள் தனிமையில் ஒதுங்குவார் என்பார்கள். நம் ஊரில் சனி என்ற சொல்லைக் கேட்டாலே ஏழரை ஞாபகம் வந்துவிடுகிறது, அதனால் பயம் இரண்டு மடங்கு. ஆனால் நாம் இன்று சொல்கிற இந்த வளையப் பலன்கள் பெரும்பாலும் ஐரோப்பிய கைரேகைப் புத்தகங்கள் வழியாக வந்தவை.

அயர்லாந்தில் பிறந்த கைரேகைக்காரர் கீரோ (1866–1936) சனி வளையத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இது. அது சனி மேட்டை வெட்டித் துண்டாக்குகிறது, விதி ரேகை போய்ச் சேருகிற மேடே அதுதான், ஆகவே எண்ணியது கைகூடாது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சாலமன் வளையமும் குரு மேட்டை அதே மாதிரிதானே வெட்டுகிறது? அங்கே மட்டும் வெட்டு ஏன் ஞானமாக மாறுகிறது? நான் பல வருடம் கை பார்த்தவன், இந்தக் கேள்விக்கு ரேகைக்குள் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பெயரில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்றுக்கு ஞானி அரசன் பெயர், இன்னொன்றுக்குச் சனியின் பெயர், பலன் பெயரைப் பின்தொடர்ந்து போயிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த வளையம் அபூர்வம் என்று சொல்கிற அதே கீரோ, இதை உடையவர்களைக் கவனித்தேன், ஒருவரும் வெற்றி பெறவில்லை என்கிறார். அபூர்வம் என்றால் கவனித்தவர்கள் சிலர்தான். அதோடு, வளையம் இல்லாமலே தோற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காமல் வளையத்தின் மேல் பழி போட முடியாது.

அப்புறம், பயந்து வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் அந்த வளையமே இருக்காது. தையல் கடை வைத்திருக்கிற ஒரு பெண் என்னிடம் வந்தார். இரண்டு கையிலும் சனி வளையம், கடை நிலைக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், மூன்று மாதமாகச் சரியாகத் தூக்கமில்லை என்றார். மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி, பூதக்கண்ணாடியோடு பார்த்தேன். இடது கையை நன்றாக விரித்ததும் அந்தக் கோடு காணாமல் போனது. வெறும் தோல் மடிப்பு, விரலை மடக்கும்போது மட்டும் தெரிவது.

வலது கையில் கோடு உண்மையாகவே இருந்தது. சரியான இடத்தில்தான் தொடங்கியது, ஆனால் நடுவிரலைத் தாண்டியதும் மேலே ஏறவில்லை. உறுதி செய்ய, உள்ளங்கையில் முத்திரை மையைத் தடவி, குழிவான இடமும் படியட்டும் என்று தாளுக்கு அடியில் மடித்த துணி வைத்து, பதிவு எடுத்தேன். தாளில் தெளிவாக வந்துவிட்டது: கோடு நடுவில் கொஞ்சம் அறுந்து, மோதிர விரலுக்குக் கீழே மறுபடி தொடங்கி, சுண்டு விரல் சந்து வரை போகிறது. அதற்குச் சுக்கிர வளையம் என்று பெயர். அறுந்த முதல் பாதியை மட்டும் பார்த்து ஒருவர் சனி என்று சொல்லிவிட்டார்.

சுக்கிர வளையத்துக்கும் ஒரு பலன் இருக்கிறது, சீக்கிரம் மனம் நோகிறவர்கள் என்பார்கள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு பயத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“அப்போ என் கடை, ஐயா?” என்று கேட்டார். கடை கையில் இல்லையம்மா, கணக்கு நோட்டைக் கொண்டுவாங்க என்றேன். அடுத்த வாரம் கொண்டுவந்தார். முன்பணம் வாங்காமல் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகளின் பாக்கி, பக்கம் பக்கமாக இருந்தது.