‘ஹேவிங் ஃபினிஷ்டு’: ஆங்கிலத் துணைவாக்கியத்தைச் சுருக்கும்போது முடித்தவர் மாறிவிடாமல் பார்ப்பது எப்படி?

[திரையில்: ஆஃப்டர் மீனா ஹேட் ஃபினிஷ்டு தி ரிப்போர்ட், ஷீ லெஃப்ட் தி ஆபீஸ்.]

வணக்கம். திரையில் தெரியும் ஆங்கில வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. மீனா அறிக்கையை முடித்த பிறகு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினார் என்பது தெளிவாகவே புரிகிறது. ஆனால் ஒரே ஆளை இந்த வாக்கியம் முதலில் மீனா என்றும் பிறகு ‘ஷீ’ என்றும் இரண்டு முறை சொல்கிறது. இரண்டு செயல்களையும் செய்தவர் ஒருவரே என்பதால், முதல் பகுதியை ஒரு பார்ட்டிசிப்பிள் தொடராகச் சுருக்கிவிடலாம்.

[திரையில்: ஹேவிங் ஃபினிஷ்டு தி ரிப்போர்ட், மீனா லெஃப்ட் தி ஆபீஸ்.]

இங்கே நடந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ‘ஆஃப்டர்’ என்ற இணைப்புச் சொல் போய்விட்டது. துணைவாக்கியத்தின் எழுவாயாக இருந்த மீனாவும் அங்கிருந்து நீங்கினார். ‘ஹேட்’ என்பது ‘ஹேவிங்’ ஆனது. ‘ஃபினிஷ்டு’ அப்படியே நின்றது. கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒரு வேலையும் நடந்திருக்கிறது. முதல் பகுதியிலிருந்து நீங்கிய பெயர், முதன்மை வாக்கியத்தில் ‘ஷீ’ இருந்த இடத்தில் வந்து அமர்ந்துவிட்டது. அதைச் செய்யாமல் ‘ஷீ லெஃப்ட்’ என்றே விட்டிருந்தால், யார் அந்த ‘ஷீ’ என்று படிப்பவர் முந்தைய பத்திக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

பத்துச் சொற்கள் எட்டாகக் குறைந்தன. இரண்டு சொல் மிச்சம் பெரிய லாபம் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது: எழுவாயும் வினையும் கொண்ட முழு அமைப்பு இப்போது வாக்கியத்தில் ஒன்றுதான் இருப்பதால், கிளம்பினார் என்பதே முதன்மைச் செய்தி என்று படிப்பவருக்கு உடனே தெரிகிறது.

இனி இந்தச் சுருக்கம் தவறிப்போகும் இடத்துக்கு வருவோம்.

[திரையில்: ஹேவிங் ஃபினிஷ்டு தி ரிப்போர்ட், தி கம்ப்யூட்டர் வாஸ் ஷட் டவுன்.]

எழுதியவர் சொல்ல நினைத்தது, அறிக்கையை முடித்துவிட்டுக் கணினியை அணைத்தார்கள் என்பதே. ஆனால் ஆங்கில வாசகர், எழுவாய் இல்லாத ஒரு பார்ட்டிசிப்பிள் தொடரைத் தொடக்கத்தில் கண்டவுடன், காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாயையே அதற்கும் உரியதாக எடுத்துக்கொள்வார். அங்கே நிற்பது கணினி. ஆகவே அறிக்கையை எழுதி முடித்தது கணினி என்று ஆகிவிடுகிறது. ஆங்கில இலக்கணத்தில் இதற்குத் தொங்கும் பார்ட்டிசிப்பிள் என்று பெயர்.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிழை எளிதாக வருவதற்குக் காரணம் உண்டு. ‘அறிக்கையை முடித்துவிட்டுக் கணினியை அணைத்தார்’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ‘அணைத்தார்’ என்பதன் விகுதியே செய்தவரைக் காட்டிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அப்படிப்பட்ட விகுதி இல்லை. மேலும், ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் கொள்ளும் என்று நன்னூல் விதித்தாலும், ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். இருந்தும் யாருக்கும் குழப்பம் இல்லை. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும்போது, முடித்தவர் ஒருவராகவும் எழுவாய் வேறாகவும் இருப்பது காதில் உறுத்துவதே இல்லை.

பெரும்பாலும் பிழையைத் தூண்டுவது முதன்மை வாக்கியத்தின் செயப்பாட்டுவினை. ‘வாஸ் ஷட் டவுன்’, ‘வாஸ் சென்ட்’ போன்ற வடிவங்கள் செய்தவரை மறைத்துவிட்டு, செய்யப்பட்ட பொருளை எழுவாய் இடத்தில் நிறுத்துகின்றன. அலுவலக ஆங்கிலத்தில் இந்த வடிவங்கள் நிறைய வரும் என்பதால், ‘ஹேவிங்’ என்று தொடங்கிய பிறகு காற்புள்ளியைத் தாண்டி ‘வாஸ்’ தென்பட்டால் ஒரு கணம் நின்று பார்ப்பது நல்லது. செய்தவரை எழுவாயாக்கி, ‘மீனா ஷட் டவுன் தி கம்ப்யூட்டர்’ என்று செய்வினைக்கு மாற்றினால் வாக்கியம் சரியாகிவிடும்.

கணினிப் பிழையைப் படிப்பவர் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வார். அடுத்து வருவதுதான் உண்மையில் ஆபத்தானது.

[திரையில்: ஆஃப்டர் மீனா ஹேட் ஃபினிஷ்டு தி ரிப்போர்ட், தி மேனேஜர் லெஃப்ட்.]

மீனா முடித்தார், மேலாளர் கிளம்பினார். இதை ‘ஹேவிங் ஃபினிஷ்டு தி ரிப்போர்ட், தி மேனேஜர் லெஃப்ட்’ என்று சுருக்கினால், இலக்கணப்படி குறையில்லாத, கேட்பதற்கும் இயல்பான வாக்கியம் கிடைக்கும். ஆனால் அறிக்கையை முடித்த பெருமை மேலாளருக்குப் போய்விடும். மேலாளரும் அறிக்கை எழுதக்கூடியவர்தான் என்பதால் படிப்பவருக்குச் சந்தேகமே எழாது; எந்த எழுத்துச் சரிபார்ப்பு மென்பொருளும் இதைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. இங்கே சுருக்கக் கூடாது. ‘ஆஃப்டர்’ இருந்த மூல வாக்கியமே நிற்கட்டும்.

இரு செயல்களுக்கும் உரியவர் ஒருவரே என்று உறுதியானாலும், இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஆஃப்டர்’ என்பது பிறகு என்னும் காலத்தைக் காட்டும். ‘பிகாஸ்’ என்பது காரணத்தைக் காட்டும். இரண்டையும் சுருக்கினால் கிடைப்பது அதே ‘ஹேவிங் ஃபினிஷ்டு’தான். முடித்த பிறகு கிளம்பினாரா, முடித்துவிட்டதால் கிளம்பினாரா என்ற வேறுபாடு மங்கிவிடுகிறது. சாதாரணக் குறிப்புகளில் இதனால் நட்டமில்லை; ஆனால் ஏன் கிளம்பினார் என்பதே விவாதமாக இருக்கும் ஒரு விளக்கக் கடிதத்தில், நான் ‘பிகாஸ்’ என்ற சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘ஆல்தோ’ வந்தால் இழப்பு இன்னும் பெரிது. முடித்திருந்தும் அலுவலகத்திலேயே இருந்தார் என்பதை வெறும் ‘ஹேவிங்’ கொண்டு எழுதினால், அந்த ‘இருந்தும்’ காணாமற்போகும். அங்கே ‘டெஸ்பைட் ஹேவிங் ஃபினிஷ்டு’ என்று எழுதினால், சுருக்கமும் கிடைக்கும், முரணும் தங்கும்.

‘ஹேவிங்’ இல்லாமல் ‘இங்’ ஈற்றை மட்டும் எப்போது எழுதலாம் என்ற கேள்வி இயல்பாக எழும்.

[திரையில்: ரீடிங் தி ரிப்போர்ட், மீனா ஃபவுண்ட் அன் எரர்.]

அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மீனா ஒரு தவறைக் கண்டார் என்பது இதன் பொருள். ‘ஹேவிங் ரெட்’ என்று தொடங்கியிருந்தால், முழுவதும் படித்து முடித்த பின் கண்டார் என்றாகும். தமிழின் ‘படித்து’ இரு சூழலிலும் பயன்படக்கூடியது என்பதால், மனத்தில் அதைப் ‘படித்துக்கொண்டிருக்கையில்’ என்றோ ‘படித்து முடித்துவிட்டு’ என்றோ விரித்துப் பார்த்தபின் ஆங்கில வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

இப்போது மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். மீனா அறிக்கையை முடித்தார். அவர் எண்களைச் சரிபார்த்தார். அதன்பின் அறிக்கை மேலாளருக்கு அனுப்பப்பட்டது.

[திரையில்: ஹேவிங் ஃபினிஷ்டு தி ரிப்போர்ட் அண்ட் செக்டு தி ஃபிகர்ஸ், மீனா சென்ட் இட் டு தி மேனேஜர்.]

ஒரே ‘ஹேவிங்’ இரண்டு வினைகளையும் தாங்குகிறது. ‘செக்டு’ முன்னால் அதை மறுபடி எழுதத் தேவையில்லை. மூன்றாவது வாக்கியத்தின் ‘அனுப்பப்பட்டது’ என்பது ‘அனுப்பினார்’ என்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். ஆனால் இந்த மாற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: அனுப்பியவரும் மீனாதான் என்பது நமக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். மூல வாக்கியம் அதைச் சொல்லவில்லை. அனுப்பியவர் வேறொருவராக இருக்கக்கூடும் என்றால், முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் இணைத்து, ‘ஹேவிங் ஃபினிஷ்டு தி ரிப்போர்ட், மீனா செக்டு தி ஃபிகர்ஸ்’ என்று நிறுத்திவிட்டு, மூன்றாவதைத் தனியாகவே விட்டுவிட வேண்டும்.