பதினோராவது கோரிக்கை

நடுவர் கேட்டது: "ஒப்பந்தத் தொழிலாளி இரண்டாம் தரமாக நடத்தப்படப் பெரிதும் காரணம் நிர்வாகமா, கூடவே வேலை பார்க்கும் நிரந்தரத் தொழிலாளியா?"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். காரணம் நிரந்தரத் தொழிலாளிதான் என்று பேச வந்திருக்கிறேன். அம்பத்தூரில் தகடு அழுத்தி உருக்கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் 28 வருடம் பெர்மனன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் 10 வருடம் சங்கக் கமிட்டியிலும் இருந்தேன். குற்றம் சாட்டுகிற கூட்டத்தில் நானும் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதிரணியில் ஓர் ஐயா, தன் மகனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேறு நிற அடையாள அட்டை கொடுத்த கதையைச் சொல்லிவிட்டு, அந்த மகனுக்குப் பெண் பார்ப்பதில் போய் முடித்தார். நல்ல இடமாக அமையட்டும். ஆனால் ஐயா, அட்டையை அச்சடித்தது நிர்வாகம். அந்த நிறத்தைப் பார்த்துச் சாப்பாட்டு மேசையில் நகர்ந்து உட்கார்ந்தது யார்? அதை நீங்கள் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசைக்கே வருகிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை பார்த்தால் கேன்டீன் வைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம் என்று இருந்தது. அந்த 250இல் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் சேர்த்தி. 1976இல் திருத்தம் கொண்டுவந்து, 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள்ளேயே அவரையும் சேர்த்துவிட்டார்கள். ஆக, தலை எண்ணும்போது அவரும் ஒரு தலை. எங்கள் ஆலையில் தட்டு நீட்டும்போது மட்டும் கணக்கு மாறியது. எங்களுக்குச் சாப்பாடு 5 ரூபாய், அவர்களுக்கு 30 ரூபாய். எங்களுக்குப் பன்னிரண்டரை மணி, அவர்களுக்கு ஒன்றேகால் மணி. அந்த நேரத்தில் பொரியல் இருக்காது, சாம்பாரில் காய் இருக்காது. இதை நிர்வாகம் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. கேன்டீனுக்கு ஒரு கமிட்டி உண்டு, அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் உண்டு. இரண்டு வருடம் நானும் ஒரு பிரதிநிதி. அந்த 30 ரூபாயை நான் எதிர்த்ததாக எந்தக் கூட்டக் குறிப்பிலும் இல்லை.

அடுத்து எதிரணித் தலைவர், "கான்ட்ராக்டர்தானே அவர்களுக்கு முதலாளி, அவரைத்தான் கேட்க வேண்டும்" என்றார். பாதி சரி. மீதிப் பாதியை 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது: கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் ஆலை தர வேண்டும். சரி, கான்ட்ராக்டரைத்தான் கேட்போம் என்றாலும், எந்தக் கான்ட்ராக்டரை?

என் பக்கத்து பிரஸ்ஸில் ஒரு தம்பி இருந்தான். 9 வருடம் ஒரே மெஷின். அந்த 9 வருடத்தில் மூன்று கான்ட்ராக்டர்கள், ஒவ்வொருவரும் மூன்று வருடம். கிராஜுவிட்டி வேண்டுமென்றால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 5 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். அவனுக்கு 13,000 ரூபாய் சம்பளம். ஒரு நாளைக்கு 500, ஒரு வருடத்துக்கு 7,500, ஒன்பது வருடத்துக்கு 67,500 ரூபாய். வேலையை விட்டு நின்றபோது கையில் கிடைத்தது பூஜ்யம். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆளுக்கு ஒன்றான யூஏஎன் எண் ஒன்று, அதன் கீழே முதலாளிக்கு ஒன்றாக மூன்று மெம்பர் ஐடி. மெஷின் மாறவில்லை, ஃபோர்மேன் மாறவில்லை, முதலாளியின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று ஒரு தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாளை மெஷின் மெஷினாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் எங்கள் செக்‌ஷன் பெர்மனன்ட் ஆள். "சும்மா ஃபார்மாலிட்டிதான், போடுப்பா" என்றும் சொன்னார். தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எதிரணியின் வழக்கறிஞர் அம்மா நன்றாகப் பேசினார். ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலே அந்தத் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிடுவார் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் அது கிடையாது என்று மாற்றியது. கதவை மூடியது சட்டம் என்பது அவர் வாதம். அதை மறுக்க மாட்டேன், அந்தக் கதவு பெரிய கதவு. 20 பேர் இருந்தாலே பொருந்திய ஒப்பந்தச் சட்டத்தை, 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 50 பேர் என்று உயர்த்தியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அம்மா, அதே 1970 சட்டத்துக்கு 1971இல் எழுதிய மத்திய விதிகளில் 25ஆம் விதி என்று ஒன்று இருந்தது. ஆலையின் சொந்தத் தொழிலாளி செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளியும் செய்தால் அதே கூலி, அதே விடுமுறை தர வேண்டும். கான்ட்ராக்டரின் லைசென்ஸ் நிபந்தனையே அது. அது அதே வேலைதானா என்று தகராறு வந்தால் தொழிலாளர் துறை அதிகாரி விசாரித்து முடிவு செய்வார். விசாரணை என்றால் சாட்சி வேண்டும். கான்ட்ராக்டர் தரும் பதிவேட்டில் அவன் 'ஹெல்பர், ஹவுஸ்கீப்பிங்' என்றுதான் இருப்பான். இவன் துடைப்பம் பிடிக்கவில்லை, பிரஸ் ஓட்டினான் என்று யார் சொல்ல முடியும்? பக்கத்து மெஷின்காரன் சொல்லலாம். என்னை ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தேன்.

ஏன் எழுதினேன்? பயத்தில் இல்லை. ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியே போவது அவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே இருநூறு பேர் நிற்கிறவரைக்கும் என் நாற்காலி ஆடாது. அவர்களும் என்னைப்போல ஆகிவிட்டால் அடுத்த மந்தத்தில் என் பெயரும் பட்டியலில் வரும். எங்கள் டீக்கடையில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எல்லா இடத்திலும் இப்படித்தானா என்றால் இல்லை. 2011 அக்டோபரில் ஹரியானாவின் மானேசரில் மாருதி ஆலைக்குள் நிரந்தரத் தொழிலாளர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். திரும்ப எடுக்கப்படாத ஒப்பந்தத் தொழிலாளர்களை உள்ளே விட வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. அவர்களுக்கும் இதே சட்டம்தான், நிர்வாகமும் ஒன்றும் இளகிய நிர்வாகம் இல்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது என்று எதிரணி சொல்லும். ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு முறை ஊதிய ஒப்பந்தத்துக்கு 14 கோரிக்கைகள் வைத்தோம். பதினோராவது: மூன்று வருடத்துக்கு மேல் உற்பத்தியில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எங்கள் கேன்டீன் விலை, எங்களுக்குத் தரும் தீபாவளிக் கருணைத் தொகையில் பாதி. நான் எழுதியதுதான், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கடைசி நாள் சமரச அதிகாரி முன்னால், தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவுப்படி ஒப்பந்தம். நிர்வாகத்தின் ஆள், "பதினொன்றை எடுத்துவிடுங்கள், மாதம் 400 ரூபாய் கூட்டித் தருகிறோம்" என்றார். பத்து நிமிடம் கேட்டு வெளியே வந்தோம். ஐந்து பேர், ஐந்து டீ. பதினொன்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 400 ரூபாய் எந்த மாதத்திலிருந்து கணக்கு என்றுதான் பேசினோம்.

மறுநாள் காலை அந்தத் தம்பி பிரஸ்ஸுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "அண்ணே, நம்ம பதினொன்று என்ன ஆச்சு?" என்று கேட்டான். நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

நடுவர் அவர்களே, அந்த ஒப்பந்தத்தின் நகல் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நிர்வாகத்தின் பக்கம் மூன்று கையெழுத்து, எங்கள் பக்கம் ஐந்து. அந்த ஐந்தை யார் கணக்கில் எழுதுவது என்று எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் சொல்லட்டும்.