பாசத்தோடு ஊற்றிய எண்ணெய்

"நின்றுபோன தாத்தாவின் கடிகாரத்தை ஓடவைத்தது பாசமா, கைத்திறனா?"

நடுவர் அவர்களே, கைத்திறன்தான். பாசம் இல்லையென்றால் அது கடைக்கே போயிருக்காது என்றார் எதிரணி அம்மா. சரி, எங்கள் வீட்டில் பாசம் என்ன செய்தது என்று கேளுங்கள்.

தாத்தா போன பிறகு அவருடைய எச்.எம்.டி ஜனதா, 17 கல் வைத்த சாவி வாட்ச், எட்டு வருஷம் பீரோவில் கிடந்தது. ஒருநாள் எடுத்துச் சாவி கொடுத்தால் ஓடவில்லை. "நீ ஓவராகச் சுத்திட்டே, ஸ்பிரிங் அறுந்துபோச்சு" என்றார் அப்பா. பக்கத்து வீட்டு அக்கா, அவர்கள் சுவர்க் கடிகாரம் பேட்டரி மாற்றியதும் ஓடிய கதையைச் சொன்னார்! அத்தைதான் பாசக்காரி, பின்மூடியைத் திறந்து தையல் மெஷின் எண்ணெயை ரெண்டு சொட்டு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு உதறினால் கொஞ்ச நேரம் தலைதெறிக்க ஓடும், அப்புறம் படுத்துவிடும்.

முதலில் போன கடையில், உள்ளே இருப்பதைத் தூக்கிவிட்டு பேட்டரி மெஷின் போட்டுத் தருகிறேன் என்றார்கள். இரண்டாவது கடைப் பெரியவர் சாவியை விரலால் மெல்லத் திருகினார். "அறுந்திருந்தா இது எவ்வளவு சுத்தினாலும் இறுகாதுப்பா. இறுகி நிக்குது, ஸ்பிரிங் நல்லா இருக்கு. உள்ளே பழைய எண்ணெய் காய்ஞ்சு பிசினாகியிருக்கு, அதுக்கு மேலே யாரோ புது எண்ணெயும் விட்டிருக்காங்க" என்றார். அத்தை வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார், நல்லவேளை.

கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, முதலில் சின்னக் கொக்கியை விலக்கி ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெதுவாக இறக்கினார், ஏனென்றால் அப்படியே பிரித்தால் சக்கரங்கள் சீறிச் சுழன்று ஊசிமுனை போன்ற அச்சு முறிந்துவிடுமாம். கழற்றிய சக்கரங்களைப் பெட்ரோலில் கழுவி, தூசி விழாமல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடினார். பேலன்ஸ் சக்கரத்தோடு இருக்கும் முடி போன்ற சுருளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். அத்தையின் எண்ணெயில் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளம் குறைந்ததுபோல ஆகிவிட்டதாம், தலைதெறிக்க ஓடியதும் அதனால்தான். இரண்டு தடவை கழுவினார். அப்புறம் ஊசிமுனையில் தொட்டு ஒவ்வொரு கல்லிலும் எண்ணெய் வைத்தார், கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இது யாருடைய கடிகாரம் என்று அவர் கேட்கவே இல்லை, எதிரணி அதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஓடியது, ஆனால் நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்குகிறது. அச்சு தேய்ந்திருக்கிறது, செத்த வாட்ச் ஒன்றிலிருந்து எடுத்து மாற்றலாம், மாற்றட்டுமா என்றார். தாத்தாவின் கையோடு தேய்ந்த அச்சை விடுவதா என்று வீட்டில் இன்னும் சண்டை.

நடுவர் மணி அடிக்கிறார். இதோ, கையில் அதுதான் கட்டியிருக்கிறேன். இதன் கணக்குப்படி எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது, ஐயா.