புவாபுவா, தோரோதோரோ: ஓர் உணவு விமர்சனத்தைத் தமிழில் ஆக்குதல்

அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானியரின் உணவு விமர்சனங்களில் வரிக்கு வரி இரட்டைக்கிளவி வரும். நமக்கு இது புதிதல்ல. 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்று தொல்காப்பியமே இலக்கணம் வகுத்துவிட்டது. ஆனால் இரண்டு மொழியிலும் சரக்கு இருப்பதாலேயே ஒன்றுக்கு ஒன்றென்று மாற்றி வைத்துவிட முடியாது. ஓமுரைஸ் என்ற ஒரே பண்டத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். தக்காளி கெச்சப்பில் பிரட்டிய கோழிச்சோற்றின் மேல் அரைவேக்காட்டு ஆம்லெட்டை வைத்து, கத்தியால் கீறி விரித்துவிடுவார்கள்.

இதற்கு வழக்கமாக வரும் சொற்கள் நான்கு. முட்டையின் மேற்பரப்பு 'த்சுயாத்சுயா'. கீறியதும் அது 'தோரோரி' என்று வழிகிறது. வாயில் 'புவாதோரோ'. அடியில் சோறு 'பராபரா'.

கடைசிச் சொல் எளிது. 'உதிரி உதிரியாக' என்றால் முடிந்தது. சோற்றைப் பற்றி இதைவிடப் பொருத்தமாக எந்தத் தமிழரும் சொல்லமாட்டார்.

த்சுயாத்சுயாவில்தான் முதல் சறுக்கல். கை தானாக 'பளபள' என்று எழுதும். பளபளப்பு முதலில் நினைவூட்டுவது தேய்த்த பாத்திரத்தை. த்சுயாத்சுயா உள்ளிருக்கும் ஈரப்பசையால் வரும் ஒளி; நல்ல தோலுக்கும் கூந்தலுக்கும் சொல்வது. எனவே 'மினுமினுப்பு' என்பதே என் தேர்வு. இதே வரிசையில் கிராகிரா என்று இரண்டு சொற்கள் உண்டு. 'கி' வல்லொலியாக இருந்தால் விண்மீன் போன்ற இனிய மினுக்கம். 'மங்கி'யில் வருவது போல மெலிந்து ஒலித்தால் கண்ணை உறுத்தும் ஒளி, ராமென் குழம்பில் மிதக்கும் எண்ணெய்க்குச் சொல்வது. ஜப்பானிய மொழியில் முதலொலி இப்படி மெலிந்தால் பொருளில் கனமும் முரட்டுத்தனமும் ஏறும். பெரும்பாலும் பாராட்டு குறையாக மாறும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே விழும் என்பதால், ஒலிபெயர்த்து அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதுவதால் பயனில்லை. முதலாவதை 'மினுக்மினுக்கென்று' என்றும், இரண்டாவதை 'எண்ணெய் திட்டுத்திட்டாக மிதக்கிறது' என்றும் பிரித்தே எழுத வேண்டும்.

அடுத்தது தோரோரி. ஜப்பானியர் ஒரே வேரை மூன்று வடிவில் கையாள்கிறார்கள். தோரோதோரோ என்று இரட்டித்தால் நீடிக்கும் நிலை. தோரோத்தோ என்றால் ஒரு கணத்தில் நிகழ்வது. தோரோரி என்றால் ஒரே ஒருமுறை, நிதானமாக, முழுமையாக. நமக்கும் முதல் இரண்டு உண்டு: 'படபட' நீடிப்பது, 'படக்கென்று' ஒரு கணம். மூன்றாவதற்கு நம்மிடம் தனி வடிவம் இல்லை. 'க்கென்று' சேர்த்தால் வேகம் வந்துவிடும். 'முட்டை சளக்கென்று வழிந்தது' என்று எழுதினால் தட்டில் கொட்டிவிட்டதாகவே வாசகர் எண்ணுவார். இந்த இடத்தில் இரட்டைக்கிளவியை விட்டுவிட்டு 'மெல்ல வழிந்து பரவியது' என வினையிடம் ஒப்படைப்பதே சரி.

புவாதோரோ என்பது புவாபுவாவும் தோரோதோரோவும் பாதிப்பாதியாக ஒட்டிய சொல். புவாபுவாவில் காற்று உண்டு. நம்மிடம் 'புசுபுசு' என்றால் பூரி மாதிரி உப்பியது, 'மெத்தென்று' என்றால் அமுக்கினால் இடம் கொடுப்பது. முட்டைக்கு இரண்டாவதே பொருந்தும். தோரோதோரோவுக்கு அகராதி 'கொழகொழ' என்று கைகாட்டலாம். ஆனால் தமிழில் கொழகொழ என்பது பதம் தப்பிய வெண்டைக்காய்க்கும் குழைந்துபோன சோற்றுக்கும் சொல்வது. விமர்சகர் புகழ்ந்ததை நாம் பழித்ததாகிவிடும். ஆகவே எந்தச் சொல்லை எழுதுமுன்பும் அது தமிழில் எந்தப் பண்டத்தோடு, பாராட்டாகவா குறையாகவா வருகிறது என்று வாய்விட்டு மூன்று வாக்கியம் சொல்லிப் பாருங்கள். மூன்றில் இரண்டு குறையாக வந்தால் அந்தச் சொல் வேண்டாம்.

ஒலி ஒற்றுமையையும் நம்பவேண்டாம். ஜப்பானிய 'சராசரா' வழுக்கிக்கொண்டு ஓடும் மென்மை. நம் 'சரசர' சருகின் ஓசை. நேர்மாறாக, மட்டியில் மணல் கடிபடும்போது அவர்கள் சொல்லும் 'ஜரிஜரி'க்கு ஒலியில் ஒட்டாத நம் 'நறநற' கச்சிதமாகப் பொருந்துகிறது.

இனி வாக்கியம். நான்கையும் 'என்று' போட்டு அடுக்கினால் இரண்டாவது வரியிலேயே வாசகர் களைத்துவிடுவார். ஜப்பானிய மொழி அந்தச் சுமையைத் தாங்கும்; அங்கே இந்தச் சொற்கள் பெயருக்கு முன்னும் வினைக்கு முன்னும் இலேசாக நுழைந்துகொள்ளும். தமிழ் உரைநடையில் ஒரு வாக்கியத்துக்கு ஒன்று போதும் என்பேன். என் வடிவம் இது:

'மினுமினுக்கும் முட்டையைக் கீறியதும் அது மெல்ல வழிந்து சோற்றை மூடிக்கொள்கிறது. வாயில் வைத்தால் மெத்தென்று பட்டு, அப்படியே குழைந்து கரைகிறது. அடியில் சோறோ உதிரி உதிரியாக நிற்கிறது.'

நான்கு சொற்களில் ஒன்று மட்டுமே 'என்று' போட்டு நின்றது. முதலாவது பெயரெச்சமானது, தோரோரி வினைக்குள் போனது, புவாதோரோ இரண்டாகப் பிரிந்தது. 'சோறோ' என்ற ஓகாரம் மூலத்தில் இல்லை. முட்டையின் குழைவுக்கு எதிராகச் சோற்றின் உதிர்வை நிறுத்த அதைச் சேர்த்தேன். அந்த எதிர்நிலையை மூலத்தில் சொற்களின் ஒலியே உணர்த்திவிடுகிறது.