ஆட்சேர்ப்பாளரின் வினாக்கொத்துக்குப் பதில் எழுதுதல்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். வேலைக்கு விண்ணப்பித்த பின்னர், நேர்முகப் பரீட்சைக்கு முன்பாக, ஆட்சேர்ப்பாளர் மின்னஞ்சலில் அனுப்பும் சிறிய வினாக்கொத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். இத்தகைய பதில்களை வாசித்துத் தெரிவுசெய்யும் பணியிலேயே நான் இருப்பதால், மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள், தகுதி இருந்தும், இந்த ஒரு கட்டத்தில் பின்தங்கிவிடுவதை அடிக்கடி காண்கிறேன்.

வினாக்கொத்தில் வழக்கமாகப் பத்துக்கு உட்பட்ட கேள்விகளே இருக்கும். எந்த மென்பொருளில் எத்தனை ஆண்டு அனுபவம், எங்கே வசிக்கிறீர்கள், இடம் மாற விருப்பமா, எப்போது வேலையில் சேரலாம், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்பனவே அவை. அவற்றைக் கேட்பவர் பெரும்பாலும் உங்கள் துறையைச் சேர்ந்தவர் அல்லர். நீங்கள் எழுதுவதை அவர் ஓர் அட்டவணையின் வரிசையில் இட்டு, நிறுவனத்தின் பிரதம கணக்காளருக்கோ பிரிவுத் தலைவருக்கோ அனுப்புவார். நீண்ட பந்தி எழுதினால் அதன் முதற் சில சொற்களே அந்தக் கட்டத்துக்குள் போய்ச் சேரும். ஆகவே முதலில் எண்ணையோ ஆம், இல்லை என்பதையோ எழுதி, அடுத்த வாக்கியத்தில் அதற்கான சான்றைத் தந்து, அதன் எல்லையையும் சொல்லி நிறுத்திக்கொள்வதே சரியான முறை.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கல்லடியில் வசிக்கும் ஓர் இளம்பெண். மட்டக்களப்பு நகரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறார். பிரித்தானிய வாடிக்கையாளர்களின் கணக்குகளைக் கொழும்பிலிருந்து பார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் அனுபவம் எத்தனை ஆண்டு என்பது முதற் கேள்வி. அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தாலும், முதல் ஓர் ஆண்டு பற்றுச்சீட்டுகளை எக்ஸெலில் பதிந்ததிலேயே கழிந்துவிட்டது. எனவே அவருடைய பதில், "2 ஆண்டுகள். விற்பனை, கொள்வனவுப் பதிவுகளை நாளாந்தம் செய்கிறேன்; வங்கி இணக்கக் கூற்றை மாதந்தோறும் தயாரிக்கிறேன். ஆண்டிறுதிக் கணக்குகளை என் மேலாளரே முடிப்பார்" என்று அமைய வேண்டும். இறுதியாக வரும் அந்த எல்லையை எழுத நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் அதை வாசிக்கும் கணக்காளர், முன்னே சொன்ன இரண்டையும் நம்புவதற்குக் காரணமாக இருப்பதே அந்த வாக்கியந்தான்.

அடுத்த கேள்வி ஸீரோ என்ற கணக்கு மென்பொருள் பற்றியது. அதை அவர் வேலையில் பயன்படுத்தியதில்லை. அந்த மென்பொருளோடு வரும் மாதிரி நிறுவனக் கணக்கில் வீட்டில் பழகியிருக்கிறார். "வேலையில் இல்லை. மாதிரி நிறுவனக் கணக்கில் வங்கிப் பதிவுகளைப் பொருத்திப் பழகியுள்ளேன்" என்பதே முழுப் பதில். இங்கே "ஆம், 1 ஆண்டு" என்று எழுதிவிட்டால், நேர்முகப் பரீட்சையின் தொடக்கத்திலேயே திரையைப் பகிரச் சொல்லி, தவறாகப் பொருத்தப்பட்ட ஒரு பதிவை எப்படி மீட்பது என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியோடு உண்மை வெளிப்பட்டுவிடும். முன்னர் நேர்மையாக எழுதிய பதில்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதேவேளை, ஸீரோ அனுபவம் கட்டாயம் என்றால் "இல்லை" என்ற சொல் அந்த வேலையை இழக்கச் செய்யும் என்பதையும் மறைக்க முடியாது. ஆயினும் கட்டாயமா, விரும்பத்தக்கதா என்று அதே மின்னஞ்சலில் ஒரு வரியில் கேட்பதில் தவறில்லை. பல இடங்களில் அது விரும்பத்தக்கது என்ற அளவிலேயே இருக்கும்.

எக்ஸெல் திறமைக்கு ஐந்தில் எத்தனை புள்ளி இடுவீர்கள் என்றும் கேட்பார்கள். நான்கு என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் தரும் என்பதால், எண்ணோடு செய்யும் வேலையையும் சொல்லுங்கள். "3. VLOOKUP, பிவட் அட்டவணை ஆகியவற்றை வாரந்தோறும் பயன்படுத்துகிறேன், மேக்ரோ எழுதத் தெரியாது" என்றால் வாசிப்பவருக்கு ஐயமே எழாது. வரி விடயமும் அப்படியே. இலங்கையின் பெறுமதி சேர் வரி அறிக்கைகளைத் தயாரித்தவர், பிரித்தானிய வரி அறிக்கையைச் செய்ததில்லை என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். விகிதமும் விதியும் இரண்டு நாடுகளிலும் வேறு வேறானவை.

இனி, நமக்கு மிகவும் சிக்கலான வசிப்பிடக் கேள்விக்கு வருகிறேன். மட்டக்களப்பு என்று எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தில், வெள்ளவத்தையில் இருக்கும் மாமா வீட்டு முகவரியைக் கொடுப்பவர்கள் பலர். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை; அதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் அந்த முகவரியை நம்பி, "நாளை காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள்" என்று மாலையில் தொலைபேசி வரும்போது, முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு சாக்குச் சொல்ல வேண்டியதாகிவிடும்.

வசிப்பிடம் பற்றிய பதிலில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: இப்போது இருக்கும் இடம், மாறுவதற்குத் தேவையான காலம், எது முடியாது என்பது. நம் கல்லடிப் பெண் இவ்வாறு எழுதலாம்: "மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்வதென்றால் தற்போதைய அலுவலகத்துக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்ததும் தொடங்கலாம். கொழும்பில் தங்க, தங்குமிடம் பார்ப்பதற்கு அதற்கு மேல் இரண்டு வாரம் வேண்டும். மாதம் ஒரு முறை அலுவலகத்துக்கு வந்து போகலாம்; வாரந்தோறும் முடியாது. நேரில் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாக அறிவித்தால், இரவுப் புகையிரதத்தில் வந்து சேர்வேன்." இதைப் பெறும் ஆட்சேர்ப்பாளருக்கு மறுபடி கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை. "எங்கும் வேலை செய்யத் தயார்" என்ற பதிலைப் பெற்றாலோ அவர் இவை அத்தனையையும் தொலைபேசியில் கேட்டாக வேண்டும். கட்டுக்கட்டாகப் பதில்கள் இருக்கும்போது அந்த அழைப்பை அவர் எடுக்காமலே விட்டுவிடக்கூடும்.

வசிப்பிடக் கேள்விக்குள் நேரமும் அடங்கியிருக்கிறது. இலண்டனில் கோடைகாலத்தில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அவர்களுடைய நேரப்படி மாலை ஐந்தரை வரை வேலை என்றால், குளிர்காலத்தில் நமக்கு இரவு பதினொரு மணியாகிவிடும். இதை வீட்டாரிடம் பேசித் தெளிந்த பின்னரே "ஆம்" என்று எழுதுங்கள்.

இணையமும் மின்சாரமும் பற்றிய கேள்விக்கு "சிறந்தது" என்று எழுதுவதில் பயனில்லை. ஒரு மாலை வீட்டின் பிரதான மின்னிணைப்பை நிறுத்திவிட்டு, மேலதிக மின்கலத்தில் ரவுட்டரும் மடிக்கணினியும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றன என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி மூன்று மணி நேரம் நின்றாலும் ரவுட்டர் நாற்பது நிமிடத்தில் அணைந்தால், எழுத வேண்டியது நாற்பது நிமிடமே. அதன் பிறகு கைத்தொலைபேசியின் இணைப்பில் தொடர்வேன் என்றால், அதையும் அன்றே பரீட்சித்துப் பார்த்து எழுதுங்கள். மார்கழி மழையில் இங்கே மின்சாரம் எப்படித் தடைப்படும் என்று நமக்குத் தெரியும். கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது.

சம்பளத்துக்கு ஒரு தொகையை எழுதி, அது ஊழியர் சேமலாப நிதிக்கான எட்டு வீதம் கழிக்கப்படுவதற்கு முந்தியதா, கையில் கிடைப்பதா என்பதைக் குறிப்பிட்டாற் போதும்.

பதிலை அனுப்பும் முன்னர் உங்கள் சுயவிபரக் கோவையை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் மூன்று ஆண்டு குவிக்புக்ஸ் என்றும் வெள்ளவத்தை முகவரி என்றும் இன்னும் இருந்தால், அதைத் திருத்தி, திருத்திய கோவையை அதே மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள். வணக்கம்.